பேப்பரில் பொது அறிவிப்பு: பார்ட்டி கம்பெனி மகாராஷ்டிராவுக்குப் போகிறதாம், என் பாக்கி?

அட்டைப்பெட்டி_அம்பத்தூர் | 11 ஆகஸ்ட் 2025, காலை 10.20

நான் பெட்டி சப்ளை செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி எனக்கு 8,40,000 ரூபாய் தர வேண்டும். போன வியாழன், 7-ம் தேதி, மாலைப் பத்திரிகையில் இரண்டு பத்தி அகலத்துக்கு ஒரு அறிவிப்பு. பதிவு அலுவலகத்தைத் தமிழ்நாட்டிலிருந்து மகாராஷ்டிராவுக்கு மாற்றப் போகிறார்களாம். இதில் ஒரு குழப்பம். அறிவிப்பில் இருக்கும் பெயர் நான் பில் போடும் பெயர் இல்லை. முகவரி மட்டும் அதே கிண்டி முகவரி. இன்னொரு கம்பெனியோடு சேரப் போகிறார்கள் என்றும் மார்க்கெட்டில் பேச்சு.

பெயர் மாறியிருந்தால் அது ஏன் பேப்பரில் வரவில்லை? எந்தப் பேப்பரைப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படும்?

ரவி_கோவை | 11 ஆகஸ்ட், 10.55

பெயர் மாற்றினால் ஒரு இங்கிலீஷ் பேப்பர், ஒரு தமிழ்ப் பேப்பர் இரண்டிலும் போட்டே ஆகணும், அது சட்டம். நீங்க பார்க்கத் தவறியிருப்பீங்க. மாலைப் பத்திரிகையில போட்டதெல்லாம் செல்லாது, பெரிய இங்கிலீஷ் பேப்பர்ல வரணும். ஆட்சேபம் சொல்ல 21 நாள் இருக்கு, அவசரமில்லை.

செயலர்_மயிலை | 11 ஆகஸ்ட், 12.10

ரவி சார், அவசரம் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் பெயர் விஷயம்.

கம்பெனி பெயர் மாற்றத்துக்குப் பேப்பர் விளம்பரம் கட்டாயம் இல்லை. பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளரிடம் விண்ணப்பித்தால் புதுப் பெயரில் சான்றிதழ் வந்துவிடும். கடன் கொடுத்தவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே பெயர் மாற்றத்தைத் தேடிப் பேப்பரைப் புரட்டுவது வீண்வேலை. லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். பெயர் மாற்றிய கம்பெனி இரண்டு வருஷத்துக்குப் பழைய பெயரையும் புதுப் பெயரோடு சேர்த்து போர்டு, பில், லெட்டர்ஹெட் எல்லாவற்றிலும் போட வேண்டும். உங்களுக்கு வந்த பர்ச்சேஸ் ஆர்டரில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட உறுதியானது, பதிவின்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் கிடைக்கும் அடையாள எண்ணான சிஐஎன். மொத்தம் 21 இடம், இந்த மாதிரி இருக்கும்:

```
U21xxxTN2009PTCxxxxxx
```

லிஸ்ட் ஆன கம்பெனியா இல்லையா என்பது முதல் எழுத்தில். பிறகு தொழில் எண், மாநிலம், தொடங்கிய வருஷம், பிரைவேட்டா பப்ளிக்கா, கடைசியில் பதிவு எண். வெறுமனே பெயர் மாறினால் இது மாறாது. பேப்பரில் இருக்கும் சிஐஎன்னும் உங்கள் பழைய ஆர்டரில் இருக்கும் சிஐஎன்னும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அது உங்கள் பார்ட்டிதான். முகவரியை நம்ப வேண்டாம், ஒரே குரூப்பின் ஆறு கம்பெனிகள் ஒரே கிண்டி மாடியில் இருக்கும்.

செயலர்_மயிலை | 11 ஆகஸ்ட், 12.25

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று. சுந்தரம் கிளேட்டன் 2023-ல் டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் ஆனது. அதன் உற்பத்தித் தொழில் பிரிந்து சுந்தரம் கிளேட்டன் டிசிடி என்ற கம்பெனிக்குப் போனது. பிறகு அந்த டிசிடி கம்பெனியே சுந்தரம் கிளேட்டன் என்று பெயர் வைத்துக்கொண்டது. எல்லாம் முறைப்படி நடந்ததுதான். ஆனால் 2022 பில்லில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனும் இன்றைய சுந்தரம் கிளேட்டனும் சட்டப்படி வேறு வேறு ஆள். சிஐஎன்னில் ஒன்றுக்கு 1962, இன்னொன்றுக்கு 2017 என்று நிற்கும்.

மதுரை_மீனா | 11 ஆகஸ்ட், 13.40

எனக்கும் இதே பிரச்சினைதான். கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்தணும். தினசரியில ஒரு விளம்பரம் கொடுத்தா போதும்னு ஏஜென்ட் சொல்றார். எந்தப் பேப்பர்ல மலிவு?

செயலர்_மயிலை | 11 ஆகஸ்ட், 13.52

மீனா, இது கம்பெனிப் பெயர் பற்றிய இழை. தனிநபர் பெயருக்குப் பெரும்பாலும் கேட்பது தமிழ்நாடு அரசிதழில் வந்த பக்கத்தை. எழுதுபொருள் அச்சுத் துறையில் விண்ணப்பம் கொடுங்கள். பேப்பர் விளம்பரம் அதற்கு மாற்று ஆகாது. தனி இழை போட்டால் விவரம் சொல்கிறேன்.

அட்டைப்பெட்டி_அம்பத்தூர் | 11 ஆகஸ்ட், 16.05

சிஐஎன் ஒன்றாகவே இருக்கிறது மேடம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளமான mca.gov.in போய் `View Company Master Data`-வில் போட்டால் புதுப் பெயர், கிண்டி முகவரி. போன நவம்பர் ஆர்டரின் அடியில் பழைய பெயரும் பொடியாக இருந்திருக்கிறது, எங்கள் ஆபீசில் யாரும் படிக்கவில்லை. அப்போது இட மாற்றம்? 21 நாளா இல்லையா?

செயலர்_மயிலை | 11 ஆகஸ்ட், 18.30

14 நாள். 7-ம் தேதி பேப்பர் என்றால் 21-ம் தேதிக்குள். நடுவில் 15 சுதந்திர தினம், 16 கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. நோட்டரியும் தபாலாபீஸும் அந்த மூன்று நாளும் கிடைக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அறிவிப்பை மேலிருந்து கீழே இப்படிப் படிக்கலாம். தலையில் "மத்திய அரசு, மண்டல இயக்குநர், தென் மண்டலம், சென்னை முன்பாக" என்று இருக்கும். யாரிடம் ஆட்சேபம் தர வேண்டும் என்பது அதுதான். அடுத்து கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 13(4), விதி 30. இந்த எண்கள் வந்தாலே மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள் என்று அர்த்தம். பிறகு சிறப்புத் தீர்மானம் போட்ட தேதி. அதன் பிறகு எந்த மாநிலத்திலிருந்து எந்த மாநிலத்துக்கு என்பது.

புதுத் தெரு முகவரி அங்கே இருக்காது, தேடாதீர்கள். இந்தக் கட்டத்தில் மாநிலம் மட்டும்தான் வரும். கதவு எண் உள்ள முகவரி, உத்தரவு வந்த பிறகு கம்பெனி தாக்கல் செய்யும் ஐஎன்சி 22 படிவத்தில்தான் வெளிவரும். அது பேப்பரில் வராது, எம்சிஏ தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஆட்சேபம் தரும் வழி. எம்சிஏ தளத்தில் முதலீட்டாளர் புகார் படிவமாகப் போடலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். உங்களுக்கு என்ன சம்பந்தம், ஏன் எதிர்க்கிறீர்கள் என்று சொல்லும் பிரமாணப் பத்திரம் கூடவே வேண்டும். ஒரு நகல் கம்பெனியின் இப்போதைய பதிவு அலுவலகத்துக்கும் போக வேண்டும். வெறும் லெட்டர் அனுப்பினால் கோப்பில் சேரும், அவ்வளவுதான்.

ரவி_கோவை | 11 ஆகஸ்ட், 19.15

21 நாள்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். எங்க ஊர் ஸ்பின்னிங் மில் ஒண்ணு சென்னைக்கு மாத்தினப்ப பேப்பர்ல 21 நாள்னுதான் போட்டாங்க. கட்டிங் இருக்கு.

செயலர்_மயிலை | 11 ஆகஸ்ட், 19.40

கட்டிங் சரிதான் சார், அது வேறு விதி. தமிழ்நாட்டில் கம்பெனிப் பதிவாளர் ஆபீஸ் இரண்டு, சென்னை ஒன்று, கோவை ஒன்று. ஒரு பதிவாளரின் எல்லையிலிருந்து இன்னொருவர் எல்லைக்கு மாநிலத்துக்குள்ளேயே போனால் விதி 28. அதற்கு 21 நாள், அறிவிப்பும் விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்னதாக வர வேண்டும். மாநிலம் தாண்டினால் விதி 30, 14 நாள். அங்கே அறிவிப்புக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. விதி எண்ணைப் பார்த்துவிட்டு நாளை எண்ணுங்கள். ஒரே ஊருக்குள் தெரு மாறினாலோ, ஒரே பதிவாளர் எல்லைக்குள் ஊர் மாறினாலோ இந்த மாதிரி விளம்பரமே கிடையாது.

விளம்பர_ஏஜென்ட்_அண்ணாசாலை | 12 ஆகஸ்ட், 09.05

எந்தப் பேப்பர் என்று கேட்டதற்கு. சென்னைக் கம்பெனி அறிவிப்பு நிறைய வருவது மக்கள் குரல், டிரினிட்டி மிரர் ஜோடியில்தான். பைனான்சியல் எக்ஸ்பிரஸ், பிசினஸ் லைன், தினமணியிலும் வரும். கம்பெனிகள் ரேட் பார்த்துத்தான் புக் பண்ணுவார்கள். காலை பேப்பர் மட்டும் வாங்குகிறவருக்குப் பாதி தெரியாமலே போகும். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தில் தேட வேண்டாம். பேங்க் ஏல அறிவிப்பும் டெண்டரும் வரும் பக்கத்தில், அதற்கு அடியில் பாருங்கள்.

இ-பேப்பரில் பெயரை டைப் பண்ணித் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. விளம்பரம் படமாக ஏறியிருக்கும். பதிப்பும் முக்கியம். கோவைக் கம்பெனி அறிவிப்பு கோவைப் பதிப்பில் மட்டும் வந்தால் சென்னைப் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பலனில்லை. தமிழ் விளம்பரத்தில் கம்பெனி பெயரை மொழிபெயர்ப்பவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், "எண்டர்பிரைசஸ்" நாலு விதமாக வரும். சிஐஎன் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே நிற்கும், கண்ணை அதில் ஓட்டுங்கள்.

கட்டிங் எடுக்கும்போது பத்திரிகைப் பெயரும் தேதியும் உள்ள மேல்பட்டையோடு முழுப் பக்கமாக எடுங்கள். கத்திரித்த துண்டு எந்தத் தேதி என்று யாரும் நம்பமாட்டார்கள். தமிழும் இங்கிலீஷும் சில சமயம் வேறு வேறு நாளில் வரும். முன்னால் வந்ததிலிருந்து எண்ணுங்கள்.

ரவி_கோவை | 12 ஆகஸ்ட், 09.30

அப்ப விற்பனை குறைஞ்ச பேப்பர்ல போட்டா "பரவலாக விற்கும் பத்திரிகை" ஆகுமா?

விளம்பர_ஏஜென்ட்_அண்ணாசாலை | 12 ஆகஸ்ட், 09.42

விதியில் இங்கிலீஷ் பேப்பருக்கு அந்த வார்த்தை இருக்கிறது. எத்தனை பிரதி விற்றால் பரவல் என்று இல்லை. அதை வைத்துச் சண்டை போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. அதற்காகத் தோற்பார்கள் என்றும் சொல்லமாட்டேன்.

வசூல்_மேனேஜர் | 12 ஆகஸ்ட், 11.20

எல்லாரும் ஆட்சேபம், பிரமாணப் பத்திரம் என்று பயமுறுத்துகிறீர்கள். பதிவு அலுவலகம் மும்பைக்குப் போனால் அம்பத்தூர்க்காரரின் வழக்கு மும்பைக்குப் போய்விடாது. சரக்கு இறங்கியதும் பில் போட்டதும் இங்கே. வழக்குக்குக் காரணம் எங்கே எழுந்ததோ அங்கே சிவில் வழக்கு போடலாம். உத்யம் பதிவு இருந்தால் குறு, சிறு நிறுவன கவுன்சிலுக்குப் போகலாம், அது சப்ளையர் இருக்கும் ஊரை வைத்துத்தான் எடுத்துக்கொள்ளும், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. திவால் மனுதான் பதிவு அலுவலகத்தோடு போகும், அதற்குக் குறைந்தது ஒரு கோடி பாக்கி வேண்டும். இவருக்கு 8 லட்சம். எதற்கு வீண் செலவு?

ஜிஎஸ்டியையும் பாருங்கள். ஆலை இங்கேயே ஓடினால் 33-ல் தொடங்கும் அவர்கள் ஜிஎஸ்டி எண் அப்படியே இருக்கும், பில் அதே எண்ணுக்குத்தான்.

செயலர்_மயிலை | 12 ஆகஸ்ட், 13.05

சிவில் வழக்கு, கவுன்சில் இரண்டும் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் ஆர்டரின் பின்பக்கத்தில் "மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் உங்கள் வாதம் அவ்வளவு லேசாக நிற்காது. அதைப் படித்தபிறகு பேசலாம்.

ஆட்சேபத்தின் பயன் மாற்றத்தைத் தடுப்பது இல்லை, பெரும்பாலும் தடுக்காது. கடன்காரர்கள், அதாவது கம்பெனியிடம் பணம் வர வேண்டியவர்கள், சம்மதித்தார்கள், அல்லது அவர்கள் கடனுக்குப் போதிய ஏற்பாடு இருக்கிறது என்று மண்டல இயக்குநர் திருப்திப்பட வேண்டும். ஆட்சேபமே வராவிட்டால் விசாரணை இல்லாமல் உத்தரவு போடலாம், அதற்கு விதியில் 15 நாள்தான். ஒரே ஒரு ஆட்சேபம் வந்துவிட்டால் இருதரப்பையும் கூப்பிட வேண்டும். உடன்பாடு வந்தால் அதைக் கம்பெனி பிரமாணமாகத் தர வேண்டும். வராவிட்டால் உங்கள் ஆட்சேபத்தை எப்படி, எந்தக் காலத்துக்குள் தீர்ப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு, மாறிய பிறகும் ஆட்சேபித்தவர் பழைய இடத்திலேயே வழக்கு நடத்தும் உரிமையையும் காப்பாற்றித் தர வேண்டும். இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் ஆட்சேபம் போடச் சொல்வது.

இன்னொன்று. கடன்காரர் பட்டியல் ஒன்று விண்ணப்பத்தோடு போகும், விண்ணப்பத் தேதிக்கு ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பட்டியல் சரி என்று இயக்குநர்கள் பிரமாணம் தருகிறார்கள். அதன் நகலைப் பதிவு அலுவலகத்தில் வைக்க வேண்டும். வேலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. விண்ணப்பம் இன்னும் போகவில்லை, பட்டியல் தயாராகவில்லை என்பார்கள். எழுத்தில் கேட்டு, முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள்.

ஒவ்வொரு கடன்காரருக்கும் தனி நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அதுவே ஆட்சேபத்தில் ஒரு பத்தி.

வசூல்_மேனேஜர் | 12 ஆகஸ்ட், 13.30

ஆர்டர் பின்பக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை. ஆட்சேபம் போட்ட சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் வராது.

கரூர்_பங்குதாரர் | 12 ஆகஸ்ட், 20.15

ஒரு கம்பெனி இன்னொன்றோடு இணைந்தால் அது பேப்பரில் வருமா? லட்சுமி விலாஸ் பேங்க் விஷயத்தில் தீர்ப்பாய அறிவிப்பு ஒன்றும் வரவில்லையே? பங்கு ஜீரோ ஆனதும்தான் பலருக்குத் தெரிந்தது.

செயலர்_மயிலை | 12 ஆகஸ்ட், 21.10

வராதுதான். அது கம்பெனிச் சட்ட இணைப்பு இல்லை, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ம் பிரிவு. 2020 நவம்பர் 17 அன்று வரைவுத் திட்டம், 20-ம் தேதி மாலை 5 மணிவரை கருத்துச் சொல்ல நேரம், 27-ம் தேதி முதல் அது டிபிஎஸ் வங்கி. அங்கே பார்க்க வேண்டியது ரிசர்வ் வங்கி வெளியீட்டை.

சாதாரணக் கம்பெனி இணைப்பில் பேப்பருக்கு இரண்டு முறை வரும். முதலில் பங்குதாரர் அல்லது கடன்காரர் கூட்ட அறிவிப்பு, கூட்டத்துக்கு 30 நாள் முன்னால். பிறகு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் விசாரணைத் தேதி அறிவிப்பு, குறைந்தது 10 நாள் முன்னால். கடன் மதிப்பில் 90 சதவீதம் பேர் பிரமாணத்தில் சம்மதித்தால் கடன்காரர் கூட்டமே வேண்டாம் என்று தீர்ப்பாயம் விட்டுவிடலாம். அப்போது முதல் விளம்பரம் வராது, நேராக விசாரணை அறிவிப்புதான். நமக்குக் கிடைப்பது அந்தப் பத்து நாள்தான்.

இணைப்பில் எதிர்க்கும் உரிமை எல்லாருக்கும் இல்லை. பங்கில் 10 சதவீதம், அல்லது கடைசித் தணிக்கைக் கணக்குப்படி மொத்தக் கடனில் 5 சதவீதம் வைத்திருக்க வேண்டும். அம்பத்தூர்க்காரருக்கு 8,40,000 என்றால் கம்பெனியின் மொத்தக் கடன் 1,68,00,000-க்கு மேல் போனாலே அவர் அந்தக் கோட்டுக்கு வெளியே. இட மாற்றத்தில் அப்படி அளவு எதுவும் இல்லை. அதனால்தான் இப்போது இந்த 14 நாளை விட வேண்டாம் என்கிறேன்.

அட்டைப்பெட்டி_அம்பத்தூர் | 12 ஆகஸ்ட், 21.40

இணைந்துவிட்டால் பாக்கி?

செயலர்_மயிலை | 12 ஆகஸ்ட், 21.55

திட்டப்படி சேர்ந்துகொள்ளும் கம்பெனியின் தலையில் போகும். அறிவிப்பில் "நியமிக்கப்பட்ட நாள்" என்று ஏப்ரல் 1 மாதிரி ஒரு தேதி இருக்கும், அது கணக்குக்கு. உண்மையில் அமலாவது உத்தரவு நகலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்த பிறகு. அதுவரை பழைய கம்பெனி பெயரிலேயே பில் போடுங்கள். எம்சிஏ தளத்தில் நிலை `Amalgamated` என்று மாறியதும் நிறுத்திவிட்டு, பேலன்ஸ் கன்பர்மேஷனைப் புதுக் கம்பெனியிடம் வாங்குங்கள்.

அட்டைப்பெட்டி_அம்பத்தூர் | 19 ஆகஸ்ட், 17.20

பட்டியலைக் காட்டினார்கள், ஜூலை 31 தேதி போட்டது. என் பெயரில் 7,10,000 என்று இருக்கிறது. ஜூன் மாத பில் இரண்டு, 72,000-மும் 58,000-மும், சேரவில்லை. ஸ்டோர்ஸ் முத்திரை போட்ட டெலிவரி சலான் இரண்டுக்கும் என்னிடம் இருக்கிறது. தனி நோட்டீஸ் பழைய குடோன் முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. நேற்று நோட்டரி முடித்து, இன்று தபாலிலும் தளத்திலும் போட்டுவிட்டேன். ஆர்டர் பின்பக்கத்தில் "சென்னை நீதிமன்றம்" என்றுதான் இருக்கிறது.

வசூல்_மேனேஜர் | 19 ஆகஸ்ட், 17.45

சென்னை என்றிருந்தால் நான் சொன்னதுதான், ஆட்சேபம் தேவையே இல்லை.

செயலர்_மயிலை | 19 ஆகஸ்ட், 18.30

1,30,000 வித்தியாசம் இயக்குநர்களின் பிரமாணத்தைத் தொடும் விஷயம், மேனேஜர் சார். கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அட்டைப்பெட்டி சார், கம்பெனிக்கு அனுப்பிய நகலின் ஒப்புகை அட்டை வந்ததும் அதையும் மண்டல இயக்குநருக்கு அனுப்புங்கள். உங்கள் குடோன் முகவரி மாறியதை எந்தத் தேதியில் அவர்களுக்குத் தெரிவித்தீர்கள்? எழுத்தில் இல்லாவிட்டால் நோட்டீஸ் வரவில்லை என்ற பத்தியை அவர்கள் அடித்துவிடுவார்கள்.

அட்டைப்பெட்டி_அம்பத்தூர் | 19 ஆகஸ்ட், 18.52

பில்லில் புது முகவரி போட்டேன். தனியாக லெட்டர் கொடுக்கவில்லை.

ரவி_கோவை | 19 ஆகஸ்ட், 19.10

பில்லே போதும் சார்.

செயலர்_மயிலை | 19 ஆகஸ்ட், 19.25

போதுமா என்பது அவர்கள் கணக்குப் பிரிவு எந்த முகவரியை வைத்திருந்தது என்பதைப் பொறுத்தது. பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே எந்த முகவரி அச்சாகியிருக்கிறது என்று நகலில் பாருங்கள்.